நோய் அவளுக்கு, ஆலோசனைக்கு உட்காரச் சொல்வது என்னையுமா?

பிப்ரவரி 3, இரவு 10.40 | நண்டுக்காரன், மண்டபம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் அவளுக்கு ஏழு மாதமாக மனச்சோர்வு. நவம்பரிலிருந்து ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் மாத்திரை. தூக்கம் சரியாகிவிட்டது, மற்றது எதுவும் சரியாகவில்லை. போன வாரம் அந்த டாக்டரே, "சனிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு உளவியலாளர் வருவார், ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் பாருங்க" என்றார்.

எனக்கு அங்கேதான் இடிக்கிறது. காலை மூன்று மணிக்குக் கரையில் நண்டு வாங்கப் போகிறேன். ஏழு மணிக்குத் திரும்பி வந்து பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றுவது, யூனிபார்ம் தேய்ப்பது, ஸ்கூலில் விடுவது, துணி துவைப்பது எல்லாம் நான். அவளை ஒரு வேலை செய்ய விடுவதில்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. இதில் என் தப்பு என்ன? இது பஞ்சாயத்தா, வைத்தியமா? போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 11.15 | தேவிபட்டினம் ராஜா

அண்ணே, மாத்திரையை முதலில் நிறுத்துங்க. அது பழக்கமாகிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் விட முடியாது. புருஷன் பொண்டாட்டி உட்கார்ந்து மனம் விட்டுப் பேசினால் பாதி நோய் போய்விடும். அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். பேச்சே மருந்து.

பிப்ரவரி 4, காலை 6.20 | வைகைக்கரை

ராஜா தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. பதினாலு வருஷம் மனநல சமூகப் பணியில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பழக்கமாகும் என்று நீங்கள் பயப்படுவது தூக்க மாத்திரை வகையைப் பற்றி. மனச்சோர்வு மாத்திரைக்கு அந்த மாதிரி ஏக்கம் வராது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தொட்ட மாதிரி உணர்வு எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரை கூடக் குறைக்காதீர்கள்.

நண்டுக்காரரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தப்பு யாருடையது என்று பார்க்க யாரும் கூப்பிடவில்லை. மனச்சோர்வு இருக்கிற வீட்டில் இரண்டு மாதிரி உண்டு. தாம்பத்தியம் நன்றாக இருந்து, நோய் தனியாக வந்தது ஒன்று. ஏற்கெனவே உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்து, அதன் மேல் நோய் வந்தது இன்னொன்று. இரண்டாவது மாதிரி வீடுகளில் தம்பதியாக உட்கார வைத்தால், நோயாளியைத் தனியாக வைத்துப் பேசுகிற சிகிச்சை அளவுக்கு மனச்சோர்வு குறைகிறது, கூடவே தாம்பத்தியமும் தேறுகிறது. தனியாகப் பேசும்போது அந்தப் பின்னது பெரிதாக நடப்பதில்லை. எண்பதுகளின் கடைசியிலிருந்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வீடு எந்த மாதிரி என்று தெரிந்துகொள்ளத்தான் முதல் மூன்று சந்திப்பும் போகும். அதற்குள் சிகிச்சை ஆரம்பித்துவிட்டதாக நினைத்து அலுத்துக்கொள்ளாதீர்கள்.

பிப்ரவரி 4, காலை 9.05 | கீழக்கரை மருமகள்

எங்களையும் குடும்ப நீதிமன்றத்தில் இப்படித்தான் கவுன்சிலிங் போகச் சொன்னார்கள். இரண்டு வாய்தா போனது, ஒன்றும் நடக்கவில்லை. விவாகரத்து வரை போகாதீர்கள் அண்ணா, பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 4, காலை 9.30 | நண்டுக்காரன்

விவாகரத்தை யாரும்மா பேசினார்கள்!

பிப்ரவரி 9, மதியம் 2.10 | நண்டுக்காரன்

போய் வந்தோம். ஒன்றரை மணி நேரம். நான் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன், அந்தம்மா அதையெல்லாம் கேட்கவே இல்லை. முதல் கேள்வி: "நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பழக்கம்?" அவள் என் மாமன் மகள். சின்ன வயதில் அவள் வீட்டுக் கருவாட்டுப் பந்தலைச் சரித்துவிட்டு ஓடி, பூவரச மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அதை அவள் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். ஏழு மாதத்தில் நான் பார்க்காத சிரிப்பு, ஒரு வெளியாள் முன்னால் வந்தது. எனக்குச் சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை.

அப்புறம் ஆளுக்கொரு தாள். ஒரு கோடு போட்டு, எப்போது கல்யாணம், எப்போது பிள்ளைகள், எப்போது சண்டை, எப்போது இந்தச் சோர்வு என்று அவரவர் குறிக்க வேண்டும், பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது. நான் சோர்வை ஜூலையில் வைத்தேன், அவள் அப்பா இறந்த மாதம். சண்டையையும் அதே ஜூலையில் வைத்தேன். அவள் தாளில் சோர்வு ஜூலையில்தான் இருந்தது. ஆனால் சண்டை அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இருந்தது, "நகை" என்று எழுதி.

பதினொரு பவுன். படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்தால்தான் நண்டு நமக்கு வரும், அதற்காக அடகு வைத்தேன். இன்னும் மீட்கவில்லை. நான் அதை மறந்தேவிட்டேன் என்று எழுதினால் நம்புவீர்களா? மறக்கவில்லை, முடிந்த கதை என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 9, இரவு 9.50 | நண்டுக்காரன்

விட்டுப்போனது. இரண்டு கேள்வித்தாள் கொடுத்தார்கள். ஒன்று மனச்சோர்வை அளக்கிற பி.எச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை. மொத்தம் 27. அவளுக்கு 17. எனக்கு எதற்கு என்று கேட்டேன், "சும்மா போடுங்க" என்றார். எனக்கு 11 வந்தது. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டுமாம். மூன்று மணிக்கு எழுகிறவனுக்குத் தூக்கம், களைப்பு என்று கேட்டால் மார்க் ஏறத்தானே செய்யும் என்று வாதாடினேன். "ஏறலாம், ஆனா ஆறாவது கேள்விக்கு நீங்க போட்ட ரெண்டு தூக்கத்தில வராதே" என்றார். ஆறாவது, தன்னைப் பற்றியே மோசமாக நினைப்பது. அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

மற்றது தாம்பத்தியம் பற்றி, 32 கேள்வி. இதில் மார்க் கூடினால் நல்லது. நூற்றுக்குக் கீழே போனால் உறவு இறுக்கத்தில் இருக்கிறது என்று சுமாராக எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு 101, அவளுக்கு 78. ஒரே வீடு.

பிப்ரவரி 10 | வைகைக்கரை

அந்த 101-க்கும் 78-க்கும் நடுவில் இருக்கிற 23-தான் அவர்களுக்கு முக்கியமான தகவல். ஆனால் ஒரு எச்சரிக்கை. சோர்வில் இருக்கிறவருக்கு எல்லாமே கறுப்பாகத் தெரியும், பழைய நல்ல நாட்களும் சேர்த்து. அவர் மார்க்கை மட்டும் வைத்துத் தாம்பத்தியத்தை அளக்க முடியாது. அதனால்தான் கோடு போடச் சொன்னது. நோய்க்கு இரண்டு வருஷம் முன்பே நகை வந்து நிற்கிறது பாருங்கள். அது இரண்டாவது மாதிரியைக் காட்டுகிறது.

பிப்ரவரி 16, காலை 11.00 | நண்டுக்காரன்

நேற்றுத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு முக்கால் மணி நேரம். முதலிலேயே ஒரு விதி சொன்னார்: இங்கே தனியாகச் சொல்வதில் உறவைப் பாதிக்கிற ரகசியம் இருந்தால் அதைச் சுமந்துகொண்டு இரண்டு பேரையும் சேர்த்து நடத்த அவரால் முடியாது, அதனால் யோசித்துச் சொல்லுங்கள் என்று.

அப்புறம் கேட்டதெல்லாம் என்னைச் சந்தேகிக்கிற மாதிரி. அடித்திருக்கிறீர்களா, தள்ளியிருக்கிறீர்களா, உங்களைப் பார்த்து அவர் பயப்படுகிறாரா, வேறு தொடர்பு உண்டா, இந்தக் கல்யாணத்தில் இருக்க விருப்பமா. கோபம் வந்து எழுந்தே விட்டேன். "எல்லாரிடமும் கேட்பேன், உங்க மனைவியிடமும் கேட்டேன்" என்றார். உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 16, இரவு 11.35 | நண்டுக்காரன்

முதல் குறிப்பில் கை நீட்டியதில்லை என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் செப்டம்பரில் ஒரு நாள் செல்போனைச் சுவரில் எறிந்தேன், அவள் தலைக்கு இரண்டடி தள்ளி. அதை இங்கே எழுதவில்லை, நேற்று அந்தம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அன்று அவள் எங்கே நின்றாள், பிள்ளைகள் பார்த்தார்களா, அதற்குப் பிறகு உங்கள் முன்னால் பேசத் தயங்கினாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் தனியாக அதையே சொல்லியிருக்கிறாள்: அன்று பயந்தேன், ஆனால் அவருக்குப் பயந்து வாழவில்லை என்று. அதனால்தான் சேர்ந்து உட்கார வைக்கலாம் என்று முடிவு செய்தார்களாம். பயம் இருந்திருந்தால் பாதை வேறு.

பிப்ரவரி 17 | தேவிபட்டினம் ராஜா

இது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கே அண்ணே. புருஷன் பொண்டாட்டி விஷயத்தில் ஒரு போன் உடைவதெல்லாம் ஒரு கணக்கா?

பிப்ரவரி 17 | வைகைக்கரை

கணக்குத்தான் தம்பி. பயப்படுகிற பெண்ணைக் கணவன் பக்கத்தில் உட்கார வைத்து "மனதில் இருப்பதைச் சொல்லுங்க" என்றால், உள்ளே சொன்னதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வாள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முற்றியிருந்தாலும் அதைத்தான் முதலில் பார்ப்போம், தம்பதியாக உட்காருவது அப்புறம். பி.எச்.க்யூ-9-ல் ஒன்பதாவது கேள்வி அதற்குத்தான்.

பிப்ரவரி 23 | நண்டுக்காரன்

நான்காவதாக, கண்டுபிடித்ததைச் சொல்கிற சந்திப்பு. அதற்கு முன்னால் ஒரு கேள்வி. தனிச் சந்திப்பிலேயே கேட்டிருந்தார், எழுத விட்டுப்போனது. உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார், ஒன்று முதல் பத்து. அவள் எனக்கு 8 போட்டிருக்கிறாள். நான் என்னை எவ்வளவு குறை சொல்கிறவன் என்று நானே போட்டது 3.

எட்டா! "சோறு வடிக்கலையா என்றுகூட நான் கேட்டதில்லை" என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கேட்டதில்லை மச்சான். 'விடு, நான் பார்த்துக்கிறேன்' என்பீங்க. ஒரு நாளைக்கு இருபது தடவை."

அந்தம்மா தாளில் ஒரு வட்டம் போட்டார். அவள் முடியாமல் படுக்கிறாள். நான் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறேன். தான் ஒன்றுக்கும் ஆகாதவள் என்று அவளுக்குப் படுகிறது. இன்னும் படுக்கிறாள். எனக்கு அசதி ஏறி, பேச்சில் ஒரு சுருக் வருகிறது. அவள் வாயை மூடிக்கொள்கிறாள். மூடிக்கொண்டதைப் பார்த்து நான் இன்னும் எடுத்துச் செய்கிறேன். முதலில் யார் என்று கேட்டேன். "வட்டத்தில் முதல் எது?" என்றார்.

என் தோசை, என் இஸ்திரி எல்லாம் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. முதல் நாள் இங்கே எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

பிப்ரவரி 23, மாலை | வைகைக்கரை

அந்த ஒற்றைக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. மனச்சோர்விலிருந்து தேறியவர்களில் ஒன்பது மாதத்துக்குள் யாருக்குத் திரும்ப வருகிறது என்று 1989-ல் வந்த ஓர் ஆய்வில் பார்த்தார்கள். துணை தன்னைக் குறை சொல்வதாக நோயாளிக்கு எவ்வளவு படுகிறது என்ற கேள்விதான் மற்ற அளவுகோல்களை விட நன்றாகக் காட்டிக்கொடுத்தது. சின்ன ஆய்வுதான். துணை நிஜமாகவே குறை சொல்கிறாரா, நோய் அப்படிக் கேட்க வைக்கிறதா என்பது இன்றும் வாதம். அதனால் 8 என்றால் நீங்கள் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 3 என்றால் நிரபராதி என்றும் இல்லை!

பிப்ரவரி 24 | நண்டுக்காரன்

திட்டம் என்ன என்று கேட்டிருந்தவருக்கு: பதினைந்து முதல் இருபது சந்திப்பு, ஐந்தாறு மாதம். மாத்திரை அப்படியே தொடரும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் யாரிடம் முதலில் சொல்வது, யாருக்குப் போன் செய்வது என்று ஒரு தாளில் அவளையே எழுதச் சொன்னார். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அதில் இருக்கிறது. மிச்ச மாத்திரை வீட்டில் குவிந்து கிடக்கக் கூடாது, யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. நான் வழக்கம் போல "நான் பார்த்துக்" வரை சொல்லி நிறுத்திக்கொண்டேன். அவள், "தங்கச்சி வச்சிருக்கட்டும், வாரத்துக்கு வாரம் வாங்கிக்கிறேன்" என்றாள். முடிந்தது.

மார்ச் 2 | நண்டுக்காரன்

நிஜ சிகிச்சையின் முதல் சந்திப்பு. ஏதோ ஆழமாகத் தோண்டுவார்கள் என்று நினைத்தேன். இரண்டே வேலை. ஒன்று, நான் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும், எது என்று அவள் சொல்வாள். சமையலைச் சொல்வாள் என்று பார்த்தேன். நண்டுக் கணக்கு என்றாள். யார் எத்தனை கிலோ, முன்பணத்தில் எவ்வளவு கழித்தது என்ற நோட்டு. நகை போகும் வரை அவள்தான் எழுதினாள். மாலையில் பதினைந்து நிமிடம், முடியாத நாள் ஐந்து நிமிடம்.

இரண்டு, தினம் பத்து நிமிடம் சேர்ந்து எதையாவது செய்ய வேண்டும். நோயும் பணமும் பேசக் கூடாது. கடற்கரையில் நடக்கலாம் என்றார். நடந்தோம். ஒரே நாள். வலை காயப்போட்டிருந்தவர் முதல் ஐஸ் வண்டிக்காரர் வரை, "என்ன மாப்ள, தங்கச்சிக்கு உடம்பு சரியாயிருச்சா?" மதுரைக்காரர்களுக்கு எங்கள் கரை தெரியாது. அதை மாற்றி, மொட்டை மாடியில் டீ என்று வைத்துக்கொண்டோம்.

மார்ச் 4 | கீழக்கரை மருமகள்

அண்ணா, அன்றைக்குத் தப்பாகப் புரிந்துகொண்டேன். உண்மையில் சோர்வு எனக்குத்தான். அவர் துபாயில். தினம் போனில் "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்பார். எனக்கு அது விசாரணை மாதிரி இருக்கும், அவருக்கு அது பாசம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற ஆளோடு எப்படி உட்காருவது? எங்கள் வீட்டில் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே ஊர் என்ன நினைக்கும் என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 4 | வைகைக்கரை

தங்கச்சி, தர்காவுக்குப் போவதை எந்த டாக்டரும் தடுக்க மாட்டார், மாத்திரையை விடாமல் இருந்தால் சரி. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்தப் பயம் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறது, புரிகிறது. சோர்வுக்கு யாரும் யாரையும் கட்டிவைக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கிறவரோடு வீடியோவில் செய்கிறவர்கள் உண்டு. மதிப்பீட்டின் தனிச் சந்திப்பில் மட்டும், நீங்கள் பேசுவது வீட்டில் வேறு யார் காதிலும் விழாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியார் பக்கத்து அறையில் இருந்தால் நீங்கள் "எல்லாம் நல்லாயிருக்கு" என்றுதான் சொல்வீர்கள்.

மார்ச் 9 | நண்டுக்காரன்

சொதப்பிவிட்டேன். கணக்கில் 340 ரூபாய் உதைத்தது. அவள் தூங்கியபின் நானே சத்தமில்லாமல் திருத்தினேன். மறுநாள் நோட்டைப் பார்த்தாள், மூடினாள், மூன்று நாள் தொடவில்லை. டீயும் கிடையாது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையே என்று அந்தம்மாவிடம் கேட்டேன். "பேனா சொல்லிச்சே" என்றார்.

மார்ச் 9 | தேவிபட்டினம் ராஜா

அப்போ நஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கணுமா?

மார்ச் 10 | நண்டுக்காரன்

அதையே நானும் கேட்டேன். பதில்: தப்பைச் சொல்லலாம், அவளிடம் சொல்ல வேண்டும், திருத்துவது அவள் கை. 340 ரூபாய் ஒரு நாள் தாமதமானால் நண்டு கடலுக்குத் திரும்பிப் போகாது. எனக்கு முழுசாக ஒத்துக்கொள்ள மனமில்லை. முன்பணக் கணக்கு தப்பினால் படகுக்காரரிடம் என் பேர்தான் போகும். ஆனாலும் செய்து பார்க்கிறேன்.

மார்ச் 23 | நண்டுக்காரன்

நகையை எடுத்தார்கள். ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும், மற்றவர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், பதில் கிடையாது. அவள் பேசினாள். நான் ஆரம்பித்தேன்: "கேட்காம நகையை வாங்கினேன்னு நீ சொல்ற, ஆனா..." அந்தம்மா கையைத் தூக்கினார். மறுபடி. மறுபடியும் ஒரு ஆனா. நான்காவது தடவைதான் ஆனா இல்லாமல் வந்தது.

அப்போது அவள் சொன்னது: "தங்கம் போனதுக்கு இல்ல மச்சான். எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி உங்க அண்ணனுக்குச் சொன்னீங்க." அண்ணன்தான் அடகுக் கடைக்குக் கூட வந்தார். இரண்டு வருஷமாக நான் பதினொரு பவுனுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் வெளியே வந்தது, சுருக்கமாக எழுதுகிறேன். இரவில் அவள் விலகுவதை வெறுப்பு என்று நினைத்திருந்தேன். அந்த மாத்திரையால் பலருக்கு அப்படி ஒரு பக்கவிளைவு உண்டாம், டாக்டரிடம் சொன்னால் மாற்ற வழி இருக்கிறதாம். இதை யாரும் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 6 | நண்டுக்காரன்

நேற்றுப் போகவில்லை. இன்றைக்குப் பாம்பன் புதுப் பாலம் திறப்பு, அந்தக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஒரு வாரம் விட்டதற்கே பழைய சுருக் திரும்புகிறது, என் பக்கம்தான்.

ஏப்ரல் 13 | நண்டுக்காரன்

மறுபடி அந்த ஒன்பது கேள்வி. அவளுக்கு 17 இப்போது 12. எனக்கு 11 இப்போது 9. மாத்திரையாலா, பேச்சாலா என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ராஜா, நீ ஜெயித்ததாக எழுதாதே.

நகை இன்னும் கடையில்தான் இருக்கிறது. வட்டி எவ்வளவு, எப்போது மீட்பது என்பதை அண்ணனிடம் பேசாமல் அவளிடம் பேச வேண்டும், அது அடுத்த சந்திப்புக்கு. என் எட்டு இப்போது ஆறு. ஆறு நல்ல மார்க் இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 16 | நண்டுக்காரன்

நேற்று முதல் விசைப்படகுக்குத் தடைக்காலம், ஜூன் 14 வரை. நாட்டுப்படகு நண்டுக்கு விலை ஏறுகிறது, கரையில் கூடுதல் நேரம் ஆகிறது. மாலை டீ நேரத்துக்கு என்னால் வர முடியவில்லை. நானே நேரம் மாற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்: எட்டரை மணி, பிள்ளைகள் தூங்கினபின், சர்க்கரை கம்மி.

சர்க்கரை விஷயம் குறை சொல்வதில் சேருமா என்று சனிக்கிழமை கேட்கப் போகிறேன்.